மூன்று கிலோமீட்டர் என்று நினைத்த மலை

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மலை உண்டு. இந்த மாதம்தான் வரைபடத்தை வைத்து முறையாகத் திட்டம் போட்டு ஏறப் பார்த்தேன்.

கையில் கிடைத்தது 1:50,000 வரைபடத்தின் நகல். அதாவது தாளில் 2 செ.மீ., தரையில் 1 கி.மீ. ஓடையை ஒட்டிய வழியை நூல் வைத்து அளந்தேன். 6 செ.மீ. வந்தது. மூன்றே கிலோமீட்டர் என்று மகிழ்ந்துவிட்டேன். அப்புறம்தான் கட்டங்களைக் கவனித்தேன். ஒரு கட்டம் 1 கி.மீ., அதனால் 2 செ.மீ. இருக்க வேண்டும். 1.4தான் இருந்தது. ஏ3 தாளை ஏ4க்குச் சுருக்கி நகல் எடுத்திருக்கிறார்கள். உண்மைத் தூரம் 4.3 கி.மீ. அச்சிட்ட விகிதம் பொய்யாகிவிட்டது. ஓரத்தில் இருந்த கோட்டு அளவுகோல் மட்டும் தாளோடு சேர்ந்து சுருங்கியதால் சரியாகவே இருந்தது.

முழு அளவுத் தாள் வாங்கி மறுபடி உட்கார்ந்தேன். குறிவிளக்கப்படி அடுத்தடுத்த சமவுயரக் கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் தடித்த கோடு. அடிவாரம் 120, உச்சி 640. கோடுகள் V போல மடங்கி, முனை உயரமான எண்ணைப் பார்த்தால் அது ஓடைப் பள்ளம். தாழ்ந்த எண்ணைப் பார்த்தால் மலைமுகடு. ஓடை வழியில் கடைசி 100 மீட்டர் உயரம் வெறும் 3 மி.மீ.க்குள் நெருங்கிக் கிடந்தது. தரையில் 150 மீட்டர் நடப்பதற்குள் 100 மீட்டர் ஏற்றம், ஏறக்குறைய 34 பாகை. முகட்டில் அதே 100 மீட்டர் 1 செ.மீ. தூரத்துக்குப் பரவியிருந்தது, 11 பாகைதான். முகட்டு வழி சுற்று, 5 கி.மீ. இருந்தாலும் அதையே எடுத்தேன். பக்கத்து வீட்டு மாமாவும், "மேலே மழை பெஞ்சா, கீழே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயர், திடீர் வெள்ளம், வந்துடும் தம்பி, ஆத்துப் பக்கம் போகாதே" என்றார்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதி: 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அது திறந்த மலைக்குப் போட்ட கணக்கு என்பதால் நம் பிரம்புக் காட்டுக்கு இரட்டிப்பாக்கி, நான்கு மணி என்று வைத்தேன். காலை 7க்குக் கிளம்பி, எங்கே இருந்தாலும் 11.30க்குத் திரும்புவது என்று வீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

வரைபடத்தில் ரப்பர் என்றிருந்த இடம் இப்போது செம்பனை. பழைய தோட்டப் பாதையைக் காணோம். அரைமணி போனது. 420க்கும் 440க்கும் நடுவே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு செங்குத்துப் பாறை. தாளில் அதற்கு அடையாளமே இல்லை. 20 மீட்டருக்குள் அடங்கும் செங்குத்து இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். சுற்றிப் போக நாற்பது நிமிடம் ஆனது.

11.30க்கு உச்சிக்கு முந்தைய பள்ளத்தில் இருந்தோம். இரண்டு மூடிய வளையங்களுக்கு நடுவே தாளில் தெரிந்த அதே இடம். அங்கேயே திரும்பினோம். மூன்று மணிக்கு நாங்கள் செம்பனைக்குள் நடந்துகொண்டிருந்தபோது மழை கொட்டியது.

பாறையைப் பென்சிலால் குறித்துவிட்டேன். அடுத்த முறை அதன் இடப்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே கோடுகள் கொஞ்சம் விலகியிருக்கின்றன.