இடது காதுக்கு வந்ததை வலது காது கேட்கிறது

இடது காது ஒரே நாளில் கேட்காமல் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஸ்டீராய்டு பலன் தரவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்தார்கள். வலது காதுக்குக் கேட்கிற மிக மெல்லிய ஒலி சராசரியாக 15 டெசிபல், அதாவது நார்மல். ஆனாலும் இடப்பக்கம் இருப்பவர் பேசினால் எனக்குப் பாதிதான் புரியும். கூர்மையான மெய்யொலிகளைத் தலையே மறித்துவிடுகிறது என்றார் ஆடியாலஜிஸ்ட்.

அவர் சொன்னது எலும்பில் பதிக்கும் கேட்புக் கருவி. அது கேட்காத காதை மீட்டுத் தராது. காதுக்குப் பின்னால் எலும்பில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியம் திருகு ஒன்றைப் பதிப்பார்கள். தோலுக்கு வெளியே நீட்டும் அதன் முனையில் மாட்டும் ப்ராசசர் என்ற சின்னக் கருவி, இடப்பக்க ஒலியை அதிர்வாக்கி மண்டையெலும்பு வழியாக வலது உட்செவிக்கு அனுப்பும். அதனால் நல்ல காது உண்மையிலேயே நன்றாக இருக்க வேண்டும். அதன் கேட்பு அளவின் சராசரி, அதாவது அதற்குக் கேட்கிற மிக மெல்லிய ஒலி, 20 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான அளவுகோல்.

முடிவெடுக்கும் முன் அதே ப்ராசசரைத் தலைப்பட்டையில் கட்டி இரண்டு வாரம் பார்க்கச் சொன்னார். இதை யாரும் தவிர்க்காதீர்கள். கார் ஓட்டும்போது என் இடப்பக்கம் உட்கார்ந்த மனைவி பேசியது முதல் நாளே புரிந்தது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் கதை வேறு. இரைச்சல் இடப்பக்கம் இருந்து, பேசுபவர் வலப்பக்கம் இருந்தால், கருவி அந்த இரைச்சலையும் நல்ல காதுக்குக் கொண்டுபோய்க் கொட்டியது. அப்போது அணைத்துவைத்தேன். வீட்டில் போன் எங்கே அடிக்கிறது என்பதும் பிடிபடவில்லை. கேட்பது ஒரே காதுதான் என்பதால், திசை அறியும் திறன் இதனால் வராது. அதுதான் முக்கியம் என்பவர்கள் கேட்காத காதின் நரம்பையே மின்சாரத்தால் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். அறுவை வேண்டாம் என்பவர்களுக்கு, இடப்பக்க ஒலியை வயர்லெஸ்ஸில் வலது காதுக்கு அனுப்பும் கிராஸ் கருவி இருக்கிறது.

பட்டையில் கேட்டது கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. தோல் அதிர்வை, அதிலும் உயர் சுருதியை, குறைத்துவிடும். திருகில் மாட்டினால் இன்னும் தெளிவு என்றார்கள். என் நாள் பெரும்பாலும் சின்ன அறைகளில், நாலைந்து பேருடன் கழிகிறது. அந்தக் கணக்கில்தான் சரி என்றேன்.

அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, மரப்பு ஊசி மட்டும்தான். எலும்பு திருகைப் பற்றிக்கொள்ள மூன்று மாதம் காத்திருந்தேன். இப்போது பலருக்கு அதற்கும் முன்பே ப்ராசசரை மாட்டுகிறார்கள். அப்புறம் ஐந்தாவது மாதத்தில் திருகைச் சுற்றித் தோல் சிவந்து கசிந்தது. சில நாள் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தேன். களிம்பிலேயே ஆறிவிட்டது. திருகு ஆடியிருந்தாலோ, வலி கூடிக்கொண்டே போயிருந்தாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள். இப்போது தினமும் குளித்ததும் மென்மையான பிரஷ்ஷால் சுற்றித் தேய்க்கிறேன், பிறகுதான் ப்ராசசரை மாட்டுகிறேன்.