சைதாப்பேட்டையில் 7.34

ரெக்கார்ட் ரூமில் மங்கிக்கொண்டிருந்த பழைய கடற்கரை–தாம்பரம் கால அட்டவணை ஒன்றை எக்ஸெலில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. மீட்டர் கேஜ் காலத்துத் தாள், டைப்ரைட்டரில் அடித்தது.

தாளில் நேரமெல்லாம் 7.24 என்று புள்ளி வைத்துத்தான் இருக்கும். அதை அப்படியே அடித்தால் எக்ஸெல் சாதாரண எண்ணாக எடுத்துக்கொள்ளும், 7.58-க்கும் 8.02-க்கும் நடுவே 4 நிமிடம் என்று சொல்லாமல் 0.44 என்று காட்டும். அதனால் எல்லாவற்றையும் 7:24 என்றே அடித்தேன். ஒவ்வொரு ரயிலின் நேரத்துக்கும் பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசை விட்டு, அதற்கு h:mm என்ற நேர வடிவம் கொடுத்து, முந்தைய நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட வைத்தேன்.

```
=MOD(B3-B2,1)
```

வெறுமனே கழித்தால் நள்ளிரவைத் தாண்டும் கடைசி ரயிலில் விடை மைனஸாகி, கட்டம் முழுக்க ##### என்று நிற்கும். அதற்குத்தான் இந்த MOD.

காலை ரயில்களில் ஒன்று உதைத்தது. மாம்பலம் 7:21, சைதாப்பேட்டை 7:34, கிண்டி 7:27. மற்ற ரயில்களெல்லாம் 3 நிமிடத்தில் கடக்கும் மாம்பலம்–சைதைக்கு இதில் 13 நிமிடம். சைதையிலிருந்து கிண்டிக்கோ 23:53, அதாவது ஒரு நாளுக்கு 7 நிமிடம் குறைவு!

பக்கத்து சீட் தம்பி எட்டிப் பார்த்து, "மை மங்கியிருக்கு, 2 உங்களுக்கு 3-ஆத் தெரிஞ்சிருக்கும் சார்" என்றார். நியாயமான சந்தேகம்தான். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளோடு ஒட்டிப் படுக்கவைத்து வெளிச்சம் அடித்தோம். டைப்ரைட்டர் எழுத்து காகிதத்தில் பள்ளம் விட்டிருக்கும். மை போனாலும் பள்ளம் போகாது. (கார்பன் பிரதியில் இது அவ்வளவாக எடுபடாது.) 3-இன் இரண்டு வளைவும் துல்லியமாகத் தெரிந்தன. ஆக, தாளே 7.34 என்றுதான் சொல்கிறது.

அப்புறம் அதே வரிசையில் கண்ணை வலப்பக்கம் நகர்த்தினேன். பத்து நிமிடம் கழித்து வரும் அடுத்த ரயிலுக்கும் சைதாப்பேட்டை 7.34! ஒரே திசையில் போகும் இரண்டு ரயில்கள் ஒரே நிமிடத்தில் அங்கே நிற்க வழியில்லை. அன்று தட்டச்சு செய்தவரின் கண் பக்கத்து நெடுவரிசைக்குத் தாவியிருக்கிறது. உடனே நினைவு வந்து கிண்டிக்குச் சரியான நேரத்தை அடித்துவிட்டார்.

"அப்போ 7:24-னு மாத்திடலாமே சார்?"

மாற்றவில்லை. மூலத்தில் இருப்பதை மாற்றும் உரிமை எனக்கு இல்லை, மாற்றினால் தாளையும் ஃபைலையும் ஒப்பிடுகிறவர் என்னைத்தான் தப்பாக அடித்ததாக நினைப்பார். 7:34 அப்படியே இருக்கிறது. பக்கத்தில் 'திருத்தம்' என்று ஒரு நெடுவரிசை போட்டு அதில் 7:24, அதற்கடுத்த 'குறிப்பு' கட்டத்தில் காரணம்: அடுத்த ரயிலின் நேரம் இங்கே ஏறியிருக்கிறது, முன்பின் நிலையங்களுக்கு 3 நிமிடம் வீதம் வைத்தால் 7:24.

இந்தச் சோதனைக்கு அகப்படாத பிழையும் உண்டு. ஒரு ரயிலின் எல்லா நேரமும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் தள்ளிப்போயிருந்தால் நிலையங்களுக்கு இடையே கணக்கு சரியாகவே வரும். அதைப் பிடிக்க ரயிலுக்கு ரயில் இடைவெளியைக் குறுக்குவாட்டில் கழிக்க வேண்டும். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.