மூட்டையில் சதவீதம், குழாயடியில் பிபிஎம்

அந்த டேங்க் ஆபரேட்டர் கேட்டதை நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. கொடுக்காததற்குக் காரணம் இருந்தது, அது இன்றைக்கும் சரியான காரணம்தான். ஆனாலும் குளோரின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவர் முகம் வந்துவிடுகிறது.

அவர் ஊர்க் குழாயில் எங்கள் ஆள், தண்ணீரில் குளோரின் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் குளோரோஸ்கோப்பை வைத்துப் பார்த்தபோது மஞ்சள் நிறமே ஏறவில்லை. எஞ்சிய குளோரின் இல்லை என்று ரிப்போர்ட் போனது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கேட்பது குறைந்தது 0.2 பிபிஎம். ஊராட்சியில் அவரைக் கூப்பிட்டு, பவுடர் போடாமலேயே போட்டதாக நோட்டில் எழுதுகிறாய் என்று திட்டியிருக்கிறார்கள். அவர் நேராக எங்கள் லேபுக்கு வந்துவிட்டார், கையில் ஒரு பாலிதீன் பையில் பிளீச்சிங் பவுடரோடு.

“மேடம், நான் தினமும் போடுறேன். அளந்துதான் போடுறேன். நீங்களே பாருங்க.”

எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டேன். தொட்டி 30,000 லிட்டர். யாரோ ஒரு பயிற்சியில் 180 கிராம் போடச் சொல்லியிருக்கிறார்கள். மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை 180 கிராம் நிறுத்து, பிளாஸ்டிக் மக்கில் கொட்டி, அந்த உயரத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். தினமும் அந்தக் கோடு வரை பவுடர், பக்கெட் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததும் மேல்தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறார். இதைவிட ஒழுங்காகச் செய்ய முடியாது.

180 கிராம் என்ற கணக்கும் சரியானதுதான். தொட்டித் தண்ணீருக்கு 2 பிபிஎம் குளோரின் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை, ஒரு கிலோவில் பத்து லட்சம் மில்லிகிராம் இருக்கிறது. அதனால் தண்ணீரைப் பொறுத்தவரை 1 பிபிஎம் என்பது லிட்டருக்கு 1 மில்லிகிராம். 30,000 லிட்டருக்கு 2 பிபிஎம் என்றால் 60,000 மில்லிகிராம், அதாவது 60 கிராம் குளோரின். மூட்டையில் 33 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது, 100 கிராம் பவுடரில் 33 கிராம் குளோரின் கிடைக்கும் என்று அர்த்தம். 60 கிராம் வேண்டுமானால் சுமார் 182 கிராம் பவுடர். தராசில் 180.

அவர் கேட்ட முதல் கேள்வி இது: “மூட்டையில சதவீதம் போட்டிருக்கு, உங்க பேப்பர்ல பிபிஎம்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா மேடம்?”

ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு என்றேன். 1 சதவீதம் என்பது 10,000 பிபிஎம். சதவீதத்தை 10,000-ஆல் பெருக்கினால் பிபிஎம், பிபிஎம்மை 10,000-ஆல் வகுத்தால் சதவீதம். அப்படியானால் 0.2 பிபிஎம் எத்தனை சதவீதம் என்று கேட்டார். பேப்பரில் எழுதிக் காட்டினேன்: 0.00002. அந்த சைபர்களை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு துளியூண்டு இல்லைன்னா அவ்வளவு திட்டு திட்டினாங்க?” என்றார். அவர் தொட்டி முழுக்கச் சேர்த்தாலும் 0.2 பிபிஎம் என்பது 6 கிராம் குளோரின். ஆனால் குழாய் வரை போய்ச் சேர்ந்தும் அந்தத் துளி மிச்சமிருந்தால்தான், வழியில் எந்தக் கசிவில் கிருமி நுழைந்தாலும் தடுக்க ஏதோ இருக்கிறது என்று நம்பலாம். அதை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

பவுடரைச் சோதித்தேன். முறைப்படி வந்த மாதிரி இல்லை, கட்டணம் இல்லை, பதிவு எண் இல்லை. மனுஷன் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பதற்காகப் பார்த்தேன். 5 கிராமை உரலில் போட்டுத் தண்ணீர் விட்டு மசித்து 500 மில்லியாக்கினால், அதில் 25 மில்லியில் கால் கிராம் பவுடர் இருக்கும். பொட்டாசியம் அயோடைடும் அசிட்டிக் அமிலமும் விட்டதும் கரைசல் பழுப்பாகிறது. நல்ல பவுடராக இருந்தால் அடர்த்தியாக வரும், இது வெளிறித்தான் வந்தது. தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் மங்கும்போது ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை பியூரெட்டைத் திறந்தேன். 10 மில்லியில் நீலம் போய்விட்டது. 33 சதவீதப் பவுடர் என்றால் 23 மில்லி தாண்டியிருக்க வேண்டும். 0.1 நார்மல் தயோசல்பேட் ஒரு மில்லிக்கு 3.546 மில்லிகிராம் குளோரின். 10 மில்லிக்கு 35.46. 250 மில்லிகிராம் பவுடரில் அவ்வளவுதான் என்றால் 14 சதவீதம்.

அதாவது அவர் போட்ட 180 கிராமில் குளோரின் 25 கிராம்தான். 30,000 லிட்டரில் அது 0.84 பிபிஎம். அந்த ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு உண்டு, போடுகிற குளோரினில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். 0.84 போட்டால் குழாயடியில் ஒன்றும் மிஞ்சாமல் போவதில் ஆச்சரியமில்லை.

“அப்ப என் மேல தப்பில்லைதானே மேடம்?”

“உங்க அளவு சரிதாண்ணே. பவுடர்லதான் சத்து இல்லை.”

“அதை உங்க பேப்பர்ல எழுதித் தாங்க.”

இங்கேதான் நான் நின்றேன். எங்கள் படிவத்தில் எஞ்சிய குளோரின் பிபிஎம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பவுடரின் சதவீதத்துக்குக் கட்டம் கிடையாது. அதைக்கூடக் குறிப்பு என்று கீழே எழுதியிருக்கலாம். என்னைத் தடுத்தது அந்தப் பாலிதீன் பை. பிளீச்சிங் பவுடர் காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் குளோரினை விட்டுக்கொண்டே இருக்கும். கட்டிதட்டி, மூக்கைத் துளைக்கும் நெடி குறைந்திருந்தால் சத்து போய்விட்டது என்று ஊகிக்கலாம், எவ்வளவு போயிற்று என்பது இப்படிச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற டைட்ரேஷனில்தான் தெரியும். இவர் கொண்டுவந்ததில் கட்டி இருந்தது. அது மூட்டை வரும்போதே இருந்ததா, மோட்டார் ரூமில் வாய் திறந்து கிடந்ததால் வந்ததா, பஸ்ஸில் வெயிலில் வந்ததால் வந்ததா, எனக்கு எப்படித் தெரியும்? சீல் உடைக்காத மூட்டையிலிருந்து எடுக்காத மாதிரிக்கு லெட்டர்ஹெட்டில் 14 சதவீதம் என்று எழுதினால், அது மூட்டையை விற்றவர் மேல் ஒரு குற்றச்சாட்டு. அதற்கு என்னிடம் ஆதாரமில்லை.

இதை அவரிடம் சொன்னேன். ஊராட்சி மூலமாகப் பிரிக்காத மூட்டை ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள், உடனே செய்து கொடுக்கிறேன் என்றேன்.

“அவங்க வாங்கின மூட்டையை செக் பண்ணச் சொல்லி நான் எப்படி மேடம் கேக்க முடியும்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

யோசித்துப் பார்த்தால், வாங்குகிறவர்கள் பார்ப்பது சதவீதத்தை. கேள்வி கேட்கிறவர்கள் பார்ப்பது பிபிஎம்மை. இடையில் பெருக்கி வகுத்து ஒன்றை மற்றொன்றாக்குகிற வேலை முழுவதும் அந்த மக்கில் இருக்கிற பெயின்ட் கோட்டின் தலையில் விழுகிறது. மூட்டையில் எழுதியிருப்பது பொய்யானால் கோடும் பொய்யாகிவிடும், ஆனால் நோட்டில் கையெழுத்துப் போடுவது அவர் மட்டும்தான். இதை நினைத்தால் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. “ஆபரேட்டர் கொண்டுவந்த மாதிரி, சேமித்த விதம் தெரியாது” என்று சேர்த்தே எழுதியிருக்கலாம். அதில் பொய் இல்லை. பிறகு, அந்தக் காகிதத்தை யார் எப்படிப் படிப்பார்கள் என்று யோசிக்கும்போது, சேமித்த விதம் தெரியாது என்ற வரியையே அவர் கழுத்தில் மாட்டியிருப்பார்கள், எழுதாமல் விட்டதே நல்லது என்றும் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் பல முறை போய் வந்துவிட்டேன்.

அன்றைக்கு என்னால் முடிந்தது அவருக்கு ஒரு வழி காட்டுவது. எத்தனை கிராம் போடட்டும் என்று அவர் கேட்டபோது, 14 சதவீதத்துக்கு 430 கிராம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். கணக்கு அதுதான். ஆனால் அடுத்த மூட்டை 14 ஆக இருக்காதே. அதனால் பக்கெட் சோதனையைச் சொல்லிக் கொடுத்தேன். இருக்கிற பவுடரில் 71 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல், அதாவது மில்லிக்கு 10 மில்லிகிராம் குளோரின். பத்து லிட்டர் பக்கெட்டில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, மருந்துக்கடை சிரிஞ்சில் இந்தக் கரைசலை 1 மில்லி விட்டால் 1 பிபிஎம். இன்னொரு பக்கெட்டில் 2 மில்லி, அடுத்ததில் 3. அரை மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் எந்தப் பக்கெட்டில் முதலில் 0.2 நிற்கிறதோ, அந்த அளவுதான் அவர் தண்ணீருக்குத் தேவை. பவுடர் எந்த சதவீதமாக இருந்தாலும் பரவாயில்லை, அதே 71 கிராமைக் கரைத்துச் செய்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். பக்கெட்டுக்கு 2 மில்லி என்றால் தொட்டிக்கு 6 லிட்டர் கரைசல், அவ்வளவுதான். மூட்டை மாறும்போதெல்லாம் செய்யுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். செய்வார் என்றுதான் நம்பினேன்.

பிறகு எங்கள் ஆள் அந்த ஊருக்குப் போய் வந்தபோது 0.5 பிபிஎம் என்று எழுதிக் கொண்டுவந்தார். சந்தோஷமாக இருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறுத்தியது. 0.5 எப்படி வந்தது? நல்ல மூட்டை வந்து, பழைய கோடு வரை போட்டதாலா? பழைய மூட்டையையே இரண்டு மடங்குக்கு மேல் போட்டதாலா? இரண்டிலும் தொட்டிக்கு ஏறக்குறைய 2 பிபிஎம் போயிருக்கும், இரண்டிலும் குழாயில் அதே 0.5 தான் காட்டும். குழாயடி பிபிஎம்மை வைத்துக்கொண்டு பவுடர் சதவீதத்துக்குத் திரும்பிப் போக எந்தக் கணக்கும் இல்லை.

இரண்டாவது காரணமாக இருந்தால், நாளைக்கு உண்மையிலேயே 33 சதவீத மூட்டை வந்து அவர் அதே 430 கிராமைப் போட்டால் 4.7 பிபிஎம் ஆகிவிடும். மருந்து வாடை அடிக்கிறது என்று ஜனங்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு மூடாத கிணற்றுக்குப் போவார்கள். திட்டு மறுபடியும் அவருக்குத்தான்.

அடுத்த முறை எங்கள் ஆள் அந்தப் பக்கம் போனபோது ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பினேன். புது மூட்டை பிரித்தால் முதல் நாள் 180 கிராமே போடுங்கள், குழாயில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள் என்று எழுதியிருந்தேன். பக்கெட் சோதனையைப் பற்றி அதில் எழுதவில்லை. லெட்டர்ஹெட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை.