ஸ்கூட்டர் பழகிய இடது கையோடு பைக் தேர்வுக்குப் போனபோது

நான்கு வருடம் கியர் இல்லாத ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் கியர் பைக்குக்கான ஓட்டுநர் தேர்வுக்குத் தயாரானேன். கியர் மாற்றுவதுதான் பெரிய பாடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டது. என்னைப் பாடாய்ப் படுத்தியது என் இடது கைதான்.

இரண்டு வண்டியிலும் வலது கைக்கு ஒரே வேலை: ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும். மற்றதெல்லாம் மாறிவிடும். ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில், அதே வடிவத்தில் இருக்கும் லீவர் கிளட்ச். பின் பிரேக் வலது காலுக்குப் போய்விடும், கியர் இடது காலுக்கு. ஸ்கூட்டரில் சும்மா இருந்த இரண்டு கால்களுக்கும் பைக்கில் வேலை வந்துவிடுகிறது.

பயிற்சியின் மூன்றாம் நாள், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் இருக்கும், கோட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார்கள். என் இடது கை தன்னால் லீவரை முழுக்கப் பிடித்தது. ஸ்கூட்டராக இருந்தால் நின்றிருக்கும். பைக்கோ இன்னும் லேசாக உருள ஆரம்பித்த மாதிரி இருந்தது. காரணம் எளியது. கிளட்சைப் பிடித்தால் இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுத்துக் குறைத்துக்கொண்டிருந்ததே, அந்தச் சிறு உதவியும் போய்விடும். பிரேக் பிடித்ததாக நான் நினைத்த அந்த நொடியில், இருந்த பிரேக்கையும் விட்டிருக்கிறேன். கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய்த்தான் வலது கை முன் பிரேக்கைத் தேடியது.

இதைச் சரிசெய்ய ஒரு வாரம் வேறெதுவும் செய்யாமல் நிறுத்தும் பயிற்சி மட்டும் செய்தேன். ‘வலது கை, வலது கால், கடைசியில் இடது கை’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிறுத்துவேன். ஆக்சிலேட்டரை விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்ல அழுத்தி, வண்டி நிற்கப்போகும்போது இன்ஜின் திணறத் தொடங்கும் அல்லவா, அந்த இடத்தில் கிளட்ச். பிடிக்காவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். ஸ்கூட்டர்காரர்களுக்கு இன்ஜின் அணைந்துபோகும் அனுபவமே இருக்காது என்பதால் முதலில் இது பதற்றமாகத்தான் இருக்கும்.

பைக்கிலிருந்து ஸ்கூட்டருக்கு வருபவர்களுக்கு இதே தவறு தலைகீழாக வரும். கிளட்ச் பிடிக்கும் பழக்கத்தில் இடது லீவரை ஒரேயடியாக இறுக்குவார்கள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இப்போது இடது லீவரைப் பிடித்தால் முன்சக்கரத்திலும் கொஞ்சம் பிரேக் விழும்படி செய்திருக்கிறார்கள் என்றாலும், அந்த இறுக்கம் ஆபத்தானதுதான்.

அடுத்தது சமநிலை. எட்டு போடும்போதுதான் இது தெரியும். ஸ்கூட்டர் சிறியது, லேசானது, எட்டு எளிது என்பார்கள். வளைப்பதற்கு எளிதுதான், ஆனால் மெதுவாகப் போகும்போது அதற்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. பெட்ரோல் ஸ்கூட்டரில் இன்ஜின் பெரும்பாலும் பின்சக்கரத்தோடு சேர்ந்தே இருப்பதால் எடை பின்னால் குவிந்திருக்கும். சக்கரமும் சின்னது, பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம்தான். பைக்கில் 17, 18 அங்குலம் இருக்கும். அதனால் ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் சின்ன அசைவுக்கும் சட்டென்று திரும்பும். பைக்கில் முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை அணைத்துக்கொண்டு உடம்பை வண்டியோடு ஒட்டவைக்கலாம். ஸ்கூட்டரில் அந்தப் பிடிமானம் கிடையாது, கால்கள் தட்டையான பலகையில் இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உள்ளே இருக்கிறது. ஸ்கூட்டரிலும் கிளட்ச் உண்டு, ஆனால் அது தானாக இயங்குவது. இன்ஜின் வேகமாகச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும், வேகம் குறைந்தால் விட்டுவிடும். எட்டின் இறுக்கமான வளைவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டீர்கள் என்றால், அந்தக் கிளட்ச் விட்டுவிடும். சாய்ந்த வண்டியை நிமிர்த்தப் பின்சக்கரத்தில் இழுவை இருக்காது, வண்டி உள்பக்கமாகச் சரியும், கால் ஊன்றத் தோன்றும். அதனால் வளைவு முழுக்க ஆக்சிலேட்டரை இம்மியளவு திறந்தே வைத்துக்கொண்டு, வேகத்தை இடது லீவரால், அதாவது பின் பிரேக்கால், மெல்ல அடக்க வேண்டும்.

பைக்கில் இதே வேலையைப் பாதிக் கிளட்ச் செய்கிறது. முதல் கியரில், கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் வைத்து, வலது காலால் பின் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். கிளட்சை முழுதாகப் பிடித்தால் ஸ்கூட்டரில் நடந்ததே இங்கும் நடக்கும்: இழுவை போய் வண்டி சரியும். முழுதாக விட்டால் வண்டி துள்ளும். இரண்டு வண்டிக்கும் பொதுவான எச்சரிக்கை: ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். நான் கீழே விழுந்தது ஒரே ஒரு முறை, அது இதனால்தான்.

எழுத்துத் தேர்வுக்கு வருவோம். வினாக்கள் ‘கிளட்ச் எங்கே இருக்கிறது’ என்பது போல நேராகவும் வரும். ஆனால் மதிப்பெண் போவது சூழ்நிலை வினாக்களில்தான். ‘நீண்ட இறக்கத்தில் எப்படி இறங்குவீர்கள்’ என்று பைக்குக்குக் கேட்டால், கீழ் கியரில், இன்ஜினின் பிடியோடு இறங்குவது என்பதே விடை. நியூட்ரலில் விடுவதும் கிளட்சைப் பிடித்துக்கொண்டே இறங்குவதும் தவறான விடைகளாகப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டாவதில்தான் பலர் ஏமாறுவார்கள், ஏனென்றால் அதில் கியர் போட்டிருப்பதாகச் சொல்லியிருக்கும். கிளட்ச் பிடித்திருக்கும் வரை எந்தக் கியர் போட்டிருந்தாலும் பயனில்லை.

ஸ்கூட்டருக்கு அதே வினா வந்தால் கியர் என்ற சொல் உள்ள விடைகளைக் கழித்துவிடலாம். தேர்ந்தெடுக்கக் கியரே இல்லை. தொடக்கத்திலேயே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் இடைவெளி விட்டு விட்டுப் பிடிப்பதுதான் வழி. தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும்.

வண்டியை ஸ்டார்ட் செய்வது பற்றிய வினாவிலும் இப்படித்தான் பிரித்துப் படிக்க வேண்டும். பைக்கில் முதலில் நியூட்ரல் விளக்கைப் பார்க்க வேண்டும், பல பைக்குகளில் நியூட்ரல் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் இருக்கும். ஸ்கூட்டரில் பிரேக் லீவரைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். ஆக்சிலேட்டர் திறந்திருந்தால் வண்டி பாய்ந்துவிடக்கூடும் என்பதற்காகத்தான் அந்தப் பிரேக்.

எனக்கு வந்ததிலேயே நல்ல வினா, சரிவில் வண்டியை நிறுத்திவைப்பது பற்றியது. பைக் என்றால் இன்ஜினை அணைத்து முதல் கியரில் விட்டால் சக்கரம் உருளாது. ஸ்கூட்டருக்கும் அதே விடைதான் என்று குறித்தவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். இன்ஜின் நின்றதும் அந்தத் தானியங்கிக் கிளட்ச் விட்டுவிடும், பின்சக்கரம் சுதந்திரமாக உருளும். அதனால் ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும், பிரேக்கைப் பூட்டும் கொக்கி இருந்தால் அதையும் போட வேண்டும்.