எந்த வாக்கியத்தை உடைப்பது?

பண்டாரவளைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8க்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வகுப்பில் 31 பிள்ளைகள். பாடநூலின் ஒரே பக்கத்தைத் திறந்தால் எட்டுப் பேர் கதையைப் படித்து முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், ஒன்பது பேர் முதல் வரியிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் ஒரே விஷயத்தை மூன்று படிநிலைகளில் நானே எழுதிப் பார்க்கலாம் என்று போன தவணையில் இறங்கினேன். எடுத்துக்கொண்ட விஷயம், பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த தெமோதரை வளைவு. எல்ல பக்கமிருந்து வரும் ரயில் தெமோதரை நிலையத்தில் நின்று புறப்பட்டு, ஒரு பெரிய வட்டம் சுற்றி, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைக்குப் போகும். அந்த இடத்தில் பாதை போட வழி தெரியாமல் எஞ்சினியர் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையையும் சேர்த்துக்கொண்டேன்.

எழுதுவதற்கு முன்னால் யாருக்கு எந்தப் படிநிலை என்று பார்க்க வேண்டியிருந்தது. 100 சொற்கள் கொண்ட ஒரு பந்தியைக் கொடுத்து, தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொன்னேன். படிப்பவர் யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைப் போதிய அளவு விளங்கிக்கொள்ள 100 சொற்களில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் சொன்ன கணக்கு. அதாவது கோடு இரண்டைத் தாண்டக் கூடாது. ஆனால் பிள்ளைகள் வெட்கத்தில் கோடு போடமாட்டார்கள். முதல் நாள் தாள்களைப் பார்த்தபோது வகுப்பே ஆங்கிலத்தில் கரைகண்டது போலிருந்தது. மறுநாள் ஒவ்வொருவராக அழைத்து, கோடு போடாத சொற்களில் ஐந்தைத் தொட்டுப் பொருள் கேட்டேன். அதன் பிறகுதான் கீழ்ப்படியில் 9, நடுவில் 14, மேலே 8 என்ற உண்மையான பிரிவு கிடைத்தது.

மேல்நிலைப் பந்தியை முதலில் எழுதினேன், ஏறக்குறைய 220 சொற்கள். மலைநாட்டுப் பாதையில் 44 அடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்ற விதி, பதுளை வரை பாதை திறந்த 1924ஆம் ஆண்டு, எல்லாம் அதில் இருந்தன. பிறகு அதைக் குறைத்து நடுநிலைக்கு 140, கீழ்நிலைக்கு 90 என்று வைத்துக்கொண்டேன். குறைத்த முறையில்தான் பிழை செய்தேன்.

கணினியில் எழுதும்போது, எழுதியது எவ்வளவு கடினம் என்று ஓர் எண் காட்டும் வசதி உண்டு. ஃப்ளெஷ்–கின்கெய்ட் சூத்திரம் என்பார்கள். 1975இல் அமெரிக்கக் கடற்படையின் கைநூல்களுக்காக உருவாக்கப்பட்டது. வருகிற எண் எத்தனையாம் தரத்துப் பிள்ளை படிக்கலாம் என்பதைச் சொல்லும். கணக்கு இதுதான்:

```
0.39 × (சொற்கள் ÷ வாக்கியங்கள்) + 11.8 × (அசைகள் ÷ சொற்கள்) − 15.59
```

இதில் இரண்டே அளவுகள்தான் இருக்கின்றன: வாக்கியத்தின் நீளமும் சொல்லின் நீளமும். ஆகவே எண்ணைக் குறைக்க மிகச் சுலபமான வழி, முற்றுப்புள்ளியை அள்ளிப் போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். வளைவு ஏன் வந்தது என்பதைச் சொல்லும் இடம் கீழ்நிலைப் பந்தியில் இப்படி அமைந்தது: "த ஹில் இஸ் ஸ்டீப். த ட்ரெயின் கெனொட் கோ டவுன் இட். த ட்ரெக் கோஸ் அரவுண்ட்." 14 சொற்கள், 3 வாக்கியங்கள், 16 அசைகள். சூத்திரத்தில் போட்டால் மைனஸ் 0.3. பூச்சியத்துக்கும் கீழே இறக்கிவிட்டேன் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வகுப்பில் கொடுத்தபோது ஒன்பது பேரில் ஏழு பேர் சத்தமாகத் தடுமாறாமல் வாசித்தார்கள். "தண்டவாளம் ஏன் சுற்றிப் போகிறது?" என்ற கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. பதில் தமிழில் சொன்னால் போதும் என்றுதான் கேட்டேன். "ரயில் நீளம், அதனால்" என்றாள் ஒருத்தி. "ஆட்கள் பார்க்கிறதுக்கு" என்றான் இன்னொருவன். மேல்நிலைத் தாளைப் படித்தவர்களோ எட்டுப் பேரும் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் தாளில் அதே செய்தி ஒரே நீண்ட வாக்கியமாக இருந்தது.

கீழ்நிலைத் தாளில் ஒரு சொல்கூடக் கடினமில்லை. காணாமல் போனது "ஸோ" என்ற சின்னச் சொல். மலை செங்குத்தானது என்பதற்கும் தண்டவாளம் சுற்றுகிறது என்பதற்கும் நடுவில் "ஆகையால்" என்ற பாலம் இருந்தது, அதை நான் எடுத்துவிட்டேன். சரளமாகப் படிப்பவர் அந்த இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்வார். ஒவ்வொரு சொல்லாக அடையாளம் கண்டு நகரும் பிள்ளைக்கு அதற்குக் கவனம் மிச்சம் இருக்காது. மூன்று வாக்கியங்களையும் தனித்தனிச் செய்திகளாக எடுத்துக்கொண்டு, காரணத்தை வெளியே தேடும். ரயில் நீளம் என்ற பதில் அப்படி வந்ததுதான். அந்தச் சிறுமி கவனக்குறைவாக வாசிக்கவில்லை. தாளில் இல்லாத ஒன்றைத்தான் அவளிடம் கேட்டிருக்கிறேன்.

அன்று மாலை அந்த இடத்தை மாற்றி எழுதினேன்: "த ஹில் இஸ் டூ ஸ்டீப் ஃபோர் எ ட்ரெயின், ஸோ த ட்ரெக் கோஸ் அரவுண்ட் இட் இன் எ பிக் சர்க்கிள்." ஒரே வாக்கியம், 18 சொற்கள், 20 அசைகள். சூத்திரம் 4.5 என்கிறது. கணக்குப்படி ஏறக்குறைய ஐந்து தரங்கள் கடினமாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அதே ஒன்பது பேரிடம், வேறு சில வரிகளும் மாறிய புதிய தாளாகக் கொடுத்தேன். ஏழு பேர் காரணத்தைச் சொன்னார்கள். ஏற்கெனவே ஒரு தடவை படித்த விஷயம் என்பதும் கொஞ்சம் உதவியிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஏழில் மூவர் "ஸோ" மீது விரல் வைத்துக் காட்டியே பதில் சொன்னார்கள்.

அப்படியானால் வாக்கியத்தை உடைக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. இதே தாள்தான் அதையும் காட்டித் தந்தது. நடுநிலையில் "த எஞ்சினியர் ஹூ சோ த கங்காணி ட்ரூ எ சர்க்கிள்" என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். வட்டம் கீறியது யார் என்று கேட்டால், 14 பேரில் 11 பேர் கங்காணி என்றார்கள். "டீச்சர், கங்காணிதானே கீறினார், பக்கத்திலேயே இருக்கிறதே" என்று ஒருவன் வாதாடினான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தமிழில் "கங்காணியைப் பார்த்த எஞ்சினியர் வட்டம் கீறினார்" என்போம். விவரிக்கிற பகுதி முன்னால் வந்துவிடும், எஞ்சினியர் என்ற சொல் "கீறினார்" என்பதோடு சேர்ந்து நிற்கும். ஆங்கிலத்தில் விவரிக்கிற பகுதி பெயருக்குப் பின்னால் தொங்குகிறது. அதனால் "ட்ரூ" என்ற வினைக்கு முன்னால் போய் நிற்பது கங்காணி. பிள்ளைகள் தமிழில் பழகிய கண்ணோடு சரியாகவே படித்திருக்கிறார்கள்.

இதை உடைத்தேன். எஞ்சினியர் கங்காணியைப் பார்த்தார், பிறகு அவர் ஒரு வட்டம் கீறினார் என்ற பொருளில் இரண்டு வாக்கியங்கள். இரண்டாவதில் "ஹீ" போட்டேன். மறுபடியும் கங்காணியே வட்டம் கீறினார்! "ஹீ" என்றால் கடைசியாக வந்த ஆண்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு "த எஞ்சினியர்" என்று பெயரையே திரும்ப எழுதினேன். படிக்கும்போது எனக்குக் காதில் உரசுகிறது, ஆங்கிலம் அறிந்தவர்கள் இப்படி எழுதமாட்டார்கள். ஆனாலும் நடுநிலைக்கும் கீழ்நிலைக்கும் அந்த உரசலை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது நான் கைக்கொள்வது இதுதான். "பிகாஸ்", "ஸோ", "பட்" போன்றவை கட்டி வைத்திருக்கும் வாக்கியத்தைத் தொடுவதில்லை. "ஹூ", "விச்" கொண்டு பெயருக்குப் பின்னால் தொங்குவதை உடைத்து, பெயரைத் திரும்பச் சொல்கிறேன்.

சொற்களைப் பொறுத்தவரை லெக்ஸ்டியூட்டர் என்ற இணையதளத்தில் பந்தியை ஒட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மிகவும் புழங்கும் முதல் ஆயிரம் சொற்களை நீலத்திலும் அடுத்த ஆயிரத்தைப் பச்சையிலும் காட்டி, பட்டியலில் இல்லாதவற்றைச் சிவப்பாக்கிவிடும். "டர்பன்" சிவப்பாக வந்தது. அதை எடுக்கவில்லை. தலைப்பாகை இல்லாமல் கதையே இல்லை, ஒரு படமும் "தலையில் சுற்றும் நீளத் துணி" என்ற நாலைந்து சொல் விளக்கமும் அதே வாக்கியத்தில் சேர்த்தவுடன் எவருக்கும் சிரமம் இருக்கவில்லை. சிரமம் நீலத்தில் ஒளிந்திருந்தது. எஞ்சினியர்கள் முயற்சியைக் கைவிட்டார்கள் என்பதற்கு "கேவ் அப்" என்று எழுதியிருந்தேன். "கேவ்", "அப்" இரண்டும் சுத்தமான நீலம். பிள்ளைகள் "மேலே கொடுத்தார்கள்" என்று படித்துவிட்டு, எதை, யாருக்கு என்று தேடினார்கள். தளம் ஒவ்வொரு சொல்லையும் தனியாக எண்ணுகிறது, இரண்டு சொல் சேர்ந்து வேறு பொருள் ஆவதை அது பார்ப்பதில்லை. "ஸ்டொப்ட் ட்ரையிங்" என்று மாற்றினேன். அதற்குப் பிறகு நீலமாக வருகிற வினைகளையெல்லாம் பக்கத்துச் சொல்லோடு சேர்த்து ஒரு தடவை கையால் பார்த்துவிடுகிறேன்.

மூன்று தாளுக்கும் தலைப்பு ஒன்று, படம் ஒன்று, கேள்விகள் நான்கும் ஒன்று. மேல்நிலைத் தாளில் மட்டும் இருக்கும் 44 அடிக் கணக்கைப் பற்றிக் கேள்வி வைக்கவில்லை. வைத்தால் மற்றவர்கள் பேச்சில் கலந்துகொள்ள முடியாது. மூன்று தாள்களையும் முடிக்க ஐந்து மாலைகள் பிடித்தன, அதில் மேல்நிலைக்குப் போனது ஒன்றுதான். ஒன்பது பேரில் இருவருக்கு 90 சொற்களும் அதிகம். அவர்களுக்கு எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதே இன்னும் வரவில்லை, படிநிலைப் பந்தி அதற்கு மருந்தல்ல. அவர்களோடு மதிய இடைவேளையில் தனியாக உட்காருகிறேன்.

அடுத்த பந்தி கொழுந்து தேயிலையாகும் கதை. வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, உலர்த்தப்படுகிறது என்று செயப்பாட்டு வினையாகவே வந்து விழுகிறது. கீழ்நிலைக்கு "வர்க்கர்ஸ்" என்று ஆளைக் கொண்டுவந்து, அவர்கள் வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள் என்று எழுதிவிட்டேன். பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தொழிற்சாலையில் நிற்பவர்தான். நடுநிலையில் முதல் வாக்கியத்துக்கு மட்டும் ஆளை வைத்து, மற்ற இரண்டையும் செயப்பாட்டில் விட்டுப் பார்க்கிறேன். திங்கட்கிழமை வகுப்பில் கொடுக்கப் போகிறேன்.