ஓனர் போனார், ஃப்ளோ நின்றது, யாருக்கும் தெரியவில்லை

எங்கள் பிரிவில் இன்வாய்ஸ் ஒப்புதலுக்குப் பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ இருந்தது. ஷேர்பாயிண்ட் லிஸ்டில் புது வரி விழுந்தால் மேலாளரிடம் ஒப்புதல் கேட்கும். அவர் சரி சொன்னதும் சப்ளையருக்கு மெயில் போகும். அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போனார். ஐ.டி. துறை அவர் அக்கவுண்டை முடக்கியது. ஒரு சப்ளையர் போனில் சத்தம் போட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

ஹெல்ப்டெஸ்கில் டிக்கெட் போட்டேன். "ஃப்ளோவை உங்களோட ஷேர் பண்ண ஓனர் அப்ரூவல் வேணும் மேடம்" என்று பதில். "ஓனர்தான் போயிட்டாரே" என்றேன். "அப்போ அவரோட மேனேஜர் கிட்ட எழுதி வாங்குங்க." எழுதி வாங்கிக் கொடுத்தால், வகை தப்பு என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். இன்னும் கோபம் ஆறவில்லை. உண்மையில் இதற்கு ஓனரே தேவையில்லை. Power Platform admin center-இல் ஃப்ளோக்களின் பட்டியலைத் திறந்து, அட்மின் யாரையும் கோ-ஓனராகச் சேர்க்கலாம். டிக்கெட்டில் "ஓனர் இல்லாத ஃப்ளோ, என்னைக் கோ-ஓனராகச் சேர்க்கவும்" என்று எழுதி, ஃப்ளோவின் லிங்க்கையும் வைத்த பிறகுதான் வேலை நடந்தது.

உள்ளே போனால் அடுத்த குழப்பம். ஃப்ளோ On என்றே காட்டியது. ரன் ஹிஸ்டரியில் ஒரு தோல்விகூட இல்லை, ஏனென்றால் ஓட்டமே தொடங்கவில்லை. ஃப்ளோவைத் தொடங்கிவைக்கும் ட்ரிகர் அவ்வப்போது லிஸ்டை எட்டிப் பார்க்கும் வகை. பார்ப்பதற்கே அனுமதி போய்விட்டால் ரன் என்று எதுவும் பதிவாகாது. மேலே வந்திருந்த "Fix the trigger" என்ற எச்சரிக்கையை அழுத்தியபோதுதான் காரணம் தெரிந்தது:

```
AADSTS50057: The user account is disabled.
```

கெட்டுப்போனால் எச்சரிக்கை மெயில் வராதா என்று கேட்பீர்கள். அது ஓனருக்குத்தான் போகும்; அவர் மெயில்பாக்ஸைத் திறந்து பார்க்க யாரும் இல்லை. முடக்கிய நிமிடமே எல்லாம் நிற்பதும் இல்லை. ஏற்கெனவே வாங்கிய டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, ஒரு மணி நேரம் போல உயிரோடு இருக்கும். அதனால் "அக்கவுண்டை மூடிய பிறகும் ஓடிச்சே" என்று யாராவது சொன்னால் நம்பி வேறு பக்கம் தேடப் போகாதீர்கள்.

கோ-ஓனர் ஆனதும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஃப்ளோ ஷேர்பாயிண்டிலும் மெயிலிலும் நுழையப் பயன்படுத்தும் கனெக்‌ஷன்கள் எல்லாம் போனவர் பெயரிலேயே கிடக்கும். அவர் லாகினை நாம் புதுப்பிக்க முடியாது. ட்ரிகரில் தொடங்கி, அந்தக் கனெக்‌ஷனைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஸ்டெப்பையும் திறந்து நம் கனெக்‌ஷனுக்கு மாற்ற வேண்டும். If கிளைக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டெப்பையும் விடாதீர்கள். மெயில் ஸ்டெப்பை அப்படியே மாற்றினால் சப்ளையருக்கு என் பெயரில் கடிதம் போகும். அதனால் அந்த ஸ்டெப்பை எடுத்துவிட்டு, பிரிவின் பொது மெயில்பாக்ஸிலிருந்து அனுப்பும் ஸ்டெப்பை வைத்தேன்.

மிக முக்கியமான எச்சரிக்கை இனிமேல்தான். இந்த வகை ட்ரிகர் திரும்ப உயிர் பெறும்போது, நின்றிருந்த காலத்தில் தேங்கியதை எல்லாம் ஒரேயடியாக இழுக்கக்கூடும். நாங்களோ அதற்குள் பழைய இன்வாய்ஸ்களைக் கையாலேயே முடித்து, சப்ளையர்களுக்கும் எழுதிவிட்டோம். அப்படியே ஓடவிட்டால் எல்லோருக்கும் இரண்டாவது ஒப்புதல் மெயில் போகும். பணமும் இரண்டு முறை போக வழி இருக்கிறது. அதனால் சேவ் செய்வதற்கு முன் ட்ரிகரின் செட்டிங்ஸில் ஒரு நிபந்தனை போட்டேன். கையால் முடித்த கடைசி வரியின் ID எண் 1480:

```
@greater(triggerOutputs()?['body/ID'], 1480)
```

சேவ் செய்து ஒரு சோதனை வரி போட்டேன். அது மட்டும் ஓடியது, பழையது ஒன்றுகூட அசையவில்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

என் பெயரில் ஓடினால் நான் போகும்போது இதே கதைதான். தனியாக உருவாக்கிய ஃப்ளோவில் முதல் ஓனரை மாற்ற வழியில்லை. ஆகவே அதை ஃப்ளோக்களைத் தொகுத்து வைக்கும் ஒரு சொல்யூஷனுக்குள் சேர்க்கச் சொல்லி, எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லாத ஒரு சர்வீஸ் அக்கவுண்டும் பிரிவுக்கென்று கேட்டிருக்கிறேன். சொல்யூஷனுக்குள் கனெக்‌ஷன் ரெஃபரன்ஸ் வழியாக எல்லா ஸ்டெப்பும் ஒரே இணைப்பைச் சுட்டும்படி வைத்தால் அடுத்த முறை ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

போனவர் பெயரில் வேறு என்ன ஃப்ளோக்கள் இருக்கின்றன என்ற பட்டியலையும் அட்மினிடம் வாங்கினேன். நீங்களும் கட்டாயம் வாங்குங்கள். எங்களுக்கு வந்ததில் ஒன்று காலாண்டுக்கு ஒருமுறை ஓடுவது. அதுவும் On என்றுதான் காட்டுகிறது. அது படிக்கும் எக்செல் கோப்பு போனவரின் ஒன்டிரைவில் இருக்கிறது. அக்கவுண்டை அழித்துவிட்டால், அட்மின் கால வரம்பை மாற்றி வைத்திருந்தால் தவிர, அந்த ஒன்டிரைவ் 30 நாள்தான் தங்கும். கோப்பை ஷேர்பாயிண்டுக்கு மாற்றித் தரும்படி புது டிக்கெட் போட்டிருக்கிறேன். இந்த முறை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து.