மகள் கல்யாணத்துக்கு வைப்பு நிதியில் வாங்கிய மூன்று லட்சம்

குன்னூரில் இருந்து அருவங்காடு போகும் வழியில் உள்ள ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 2004-க்கு முன்பே சேர்ந்தவன் என்பதால் பழைய ஓய்வூதியமும் பொது வருங்கால வைப்பு நிதியும் உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் சந்தா அதில் சேரும். அலுவலகத்தில் அதை ஜி.பி.எஃப். என்றுதான் சொல்வோம். 2022 மே மாதம் மகளுக்குக் கல்யாணம். கையில் இருந்ததையும் நகைச் சீட்டையும் கூட்டிப் பார்த்தபோது மூன்று லட்சம் துண்டு விழுந்தது. நிதியில் பன்னிரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது. ஓய்வு பெற இன்னும் பத்து வருடம், 2032 மார்ச்.

பணம் எடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று முன்பணம். சம்பளத்தில் தவணையாகப் பிடித்து மீண்டும் நம் கணக்கிலேயே போடுவார்கள். மற்றொன்று, எடுத்தால் எடுத்ததுதான், திருப்ப வேண்டாம். பத்து வருடப் பணி முடித்தவருக்கு இரண்டாவதும் கிடைக்கும். 2017-இல் விதிகளைத் தளர்த்திய பிறகு கல்யாணச் செலவுக்கு இரண்டுக்கும் உச்சவரம்பு ஒன்றுதான்: பன்னிரண்டு மாதச் சம்பளம் அல்லது இருப்பில் முக்கால் பங்கு, இவற்றில் எது குறைவோ அது. கல்யாணப் பத்திரிகை, மதிப்பீடு என்று எதையும் இணைக்க வேண்டியதில்லை. நாமே எழுதித் தரும் உறுதிமொழி போதும். முன்பணத்தை அதிகபட்சம் 60 தவணைகளில் திருப்பலாம்.

கணக்குப் பிரிவில் இருந்த நண்பர், "திருப்பாத வகையிலேயே எடுத்துவிடுங்கள் சார். உங்கள் பணத்துக்கு நீங்களே எதற்குத் தவணை கட்ட வேண்டும்?" என்றார். வீட்டில் கேட்டேன். "மாதம் ஐயாயிரம் குறைந்தால் குடும்பம் ஓடும். நீங்கள் ஓய்வு பெறும்போது கையில் என்ன வரும் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள் மனைவி. அன்று மாலை மழை, மின்சாரமும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

2020 ஏப்ரலில் இருந்து இந்த நிதிக்கு வட்டி 7.1 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும் விகிதம் அது, மாறலாம். மாறாது என்று வைத்துக்கொண்டேன். மூன்று லட்சத்தை எடுக்காமல் பத்து வருடம் விட்டிருந்தால் அது ஐந்து லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் ஆகியிருக்கும். திருப்பாமல் எடுத்தால், ஓய்வு பெறும் நாளில் என் மொத்தத் தொகையில் விழும் பள்ளம் அவ்வளவு.

முன்பணமாக வாங்கி மாதம் ஐயாயிரம் வீதம் 60 தவணை கட்டினால்? முன்பணத்துக்குத் தனியாக வட்டி கிடையாது. அதனால் அலுவலகத்தில் பலரும் 'வட்டியில்லாக் கடன்' என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. கடன் தொகை கணக்கில் இருந்து வெளியே இருக்கும் வரை அதற்கு வட்டி ஏறாது. அந்த இழப்புதான் நாம் கொடுக்கும் வட்டி. ஊதியச் சீட்டில் தெரியாது, அவ்வளவுதான். முதல் வருடம் ஏறக்குறைய 19,700 ரூபாய், ஐந்தாம் வருடம் 2,700 ரூபாய் என்று அது படிப்படியாகத் தேய்கிறது. ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 56,000 ரூபாய். அந்த வட்டிக்கு 2032 வரை வட்டி ஏறியிருக்கும் என்பதையும் சேர்த்தால் பள்ளம் சுமார் 95,000.

ஐந்து லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் எங்கே, தொண்ணூற்றைந்தாயிரம் எங்கே என்று நானும் முதலில் மகிழ்ந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. திருப்பாமல் எடுத்துவிட்டு, என் மாதச் சந்தாவை அதே அறுபது மாதங்களுக்கு ஐயாயிரம் கூட்டியிருந்தாலும் விடை இதுவேதான். கணக்குக்குள் வரும் ஐயாயிரத்துக்கு, அது தவணையா சந்தாவா என்று வட்டி பார்ப்பதில்லை. வித்தியாசம் என்னிடம் இருக்கிறது. சந்தாவைக் கூட்டினால், அடுத்த சிக்கலில் குறைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது, நான் குறைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். தவணை என்றால் கையெழுத்துப் போட்டபின் சம்பளப் பட்டியலே பார்த்துக்கொள்ளும். முன்பணத்துக்கே எழுதிக் கொடுத்தேன்.

ஒரு சின்ன விஷயத்தில் நான்கு நாள் பொறுத்தது பலன் தந்தது. அனுமதி மார்ச் 28-ஆம் தேதி வந்துவிட்டது. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைப் போட்டுவிடுகிறோம் என்றார்கள். நான் ஏப்ரல் முதல் வாரத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எந்த மாதத்தில் பணம் எடுக்கிறோமோ அதற்கு முந்தைய மாதக் கடைசி வரைதான் அந்தத் தொகைக்கு வட்டி. மார்ச் 30 அன்று எடுத்தால் மார்ச் மாத வட்டி முழுதும் போய்விடும். மூன்று லட்சத்துக்கு அது 1,775 ரூபாய். கல்யாணத்துக்கு வந்த மாமா ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும், மேட்டுப்பாளையம் போய்வந்த வேன் வாடகையில் ஒரு பங்கு அது.

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்யும் என் மைத்துனனும் 'பி.எஃப். லோன்' போட்டேன் என்பான். அவனுடையது தொழிலாளர் வைப்பு நிதி. அதில் முன்பணம் என்ற பெயர் இருந்தாலும் திருப்பிக் கட்டும் ஏற்பாடு இல்லை, எடுத்தது போனதுதான். அவன் அதைக் கடன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

2024 ஏப்ரலில் 24 தவணை முடிந்து 1,80,000 பாக்கி இருந்தபோது அதே நண்பர் மறுபடி வந்தார். மீதியைத் திருப்பாத வகையாக மாற்றிக்கொள்ள விதியில் இடம் உண்டு, ஒரு விண்ணப்பம் போதும், அடுத்த மாதமே சம்பளம் ஐயாயிரம் கூடும் என்றார். அவர் சொன்னது உண்மைதான். எழுதலாமா என்று ஒரு வாரம் ஊசலாடினேன். பழைய தாளை எடுத்துத் தொடர்ந்து கணக்குப் போட்டதில், மாற்றினால் பள்ளம் 95,000-இல் இருந்து 3,75,000-க்குப் போகும் என்று வந்தது. விண்ணப்பத்தை எழுதவில்லை.

ஆனால் வேறொரு கடிதம் எழுத வேண்டி வந்தது. 2023-இல் என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வருடக் கணக்குச் சீட்டில் திருப்பிச் செலுத்திய தொகை 60,000-க்குப் பதில் 55,000 என்று இருந்தது. மாறிய மாதத்தின் பிடித்தம் சம்பளத்தில் போயிருக்கிறது, கணக்கில் ஏறவில்லை. பலரும் கடைசி இருப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடுவார்கள். நான் பன்னிரண்டு ஊதியச் சீட்டுகளையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டதால் தெரிந்தது. அந்த மாதச் சீட்டின் நகலோடு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துச் சேர்த்துவிட்டார்கள். ஓய்வு பெறும் நேரத்தில் இதைத் தேடிப் போயிருந்தால், அந்தப் பழைய பட்டியல் யாரிடம் இருந்திருக்குமோ.

கடைசித் தவணை 2027 ஏப்ரல். மே மாதத்தில் இருந்து சந்தாவை ஐயாயிரம் கூட்டச் சொல்லிக் கடிதம் எழுதித் தேதி போடாமல் வைத்திருக்கிறேன். பதினைந்து மாதம் அப்படிக் கட்டினாலே அந்தத் தொண்ணூற்றைந்தாயிரம் நிரம்பிவிடும் என்கிறது மெழுகுவத்திக் கணக்கு. கடிதம் மனைவியின் பீரோவில் இருக்கிறது. என்னிடம் இருந்தால் மே மாதம் ஏதாவது காரணம் சொல்லிவிடுவேன் என்று அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.